மேட்சிங் என்ஜினில் முறை தவறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பங்குச் சந்தையில் வாங்கும் ஆர்டரையும் விற்கும் ஆர்டரையும் பொருத்தும் மேட்சிங் என்ஜினுக்கு இருப்பது இரண்டே விதிகள். நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம். ஒரே விலையைப் பலர் சொன்னால் முன்னால் வந்தவருக்கு முதலிடம். விதி சிறியதாக இருந்தாலும் அதை வேகமாகச் செய்ய நாம் கட்டும் ஆர்டர் புக்கில், அதாவது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில், பிழை ஒளிந்துகொள்ள நிறைய மூலைகள் உண்டு. இங்கே பயப்பட வேண்டியது நிரலை விழவைக்கும் பிழைக்கு அல்ல. அது தானாகவே தெரிந்துவிடும். எல்லாக் கூட்டுத்தொகையும் சரியாக இருக்க, பங்கு மட்டும் தவறான ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும் பிழைதான் மோசமானது.

கீழே சொல்வதெல்லாம் பரவலாகக் காணப்படும் ஒரு அமைப்பை மனதில் வைத்து எழுதியது. ஒரு பங்குக்கு ஒரு புக், அதைத் தொடுவது ஒரே த்ரெட். விலைகள், விலை நகரக்கூடிய மிகச் சிறிய படியான டிக் கணக்கில் முழு எண்களாக இருக்கும். ஒவ்வொரு விலை நிலைக்கும் ஒரு இரட்டை இணைப்புப் பட்டியல். புதிய ஆர்டர் அதன் வாலில் சேரும், வர்த்தகம் தலையிலிருந்து நடக்கும். ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அந்த ஆர்டரின் இடத்தைச் சொல்ல ஒரு ஹாஷ் டேபிள். ஆர்டர்களுக்கான நினைவகம் முன்கூட்டியே ஒதுக்கிய பூலிலிருந்து ஸ்லாட் ஸ்லாட்டாக வரும்.

கையில் இருக்க வேண்டிய இரண்டு

முதலாவது, என்ஜினுக்குள் போன ஒவ்வொரு செய்தியும் வரிசை எண்ணோடு பதிவான உள்ளீட்டு லாக். வெளியே வந்த வர்த்தகங்களின் லாக் மட்டும் இருந்தால் என்ன நடந்தது என்று தெரியுமே தவிர, ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, ஒரு மெதுவான ஒப்பீட்டு புக். ஒரு சாதாரணப் பட்டியல் போதும்: ஒவ்வொரு செய்திக்கும் முழுப் பட்டியலையும் விலை, வரிசை எண் என்ற முறையில் அடுக்கி, மேலிருந்து மேட்ச் செய்யும் நிரல். பூல், பாயிண்டர், குறுக்குவழி எதுவும் அதில் வேண்டாம். அதே லாக்கை இரண்டுக்கும் கொடுத்து, வெளிவரும் வர்த்தகங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: வந்த ஆர்டர், காத்திருந்த ஆர்டர், விலை, அளவு. எந்த வரிசை எண்ணில் முதல் வேறுபாடு தெரிகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். நாள் முடிவில் மொத்தப் பங்குகளை மட்டும் ஒப்பிடுபவர்களுக்கு அடுத்து வரும் பிழை கண்ணில் படவே படாது.

அறிகுறி: முன்னால் நின்ற ஆர்டரை விட்டுவிட்டு, பின்னால் வந்த ஆர்டருக்கு வர்த்தகம் நடக்கிறது

இப்படி ஒரு புகார் வந்தால் முதலில் அது உண்மையிலேயே பிழையா என்று பாருங்கள். அளவின் ஒரு பகுதியை மட்டும் வெளியே காட்டும் ஐஸ்பெர்க் ஆர்டர்களில், காட்டிய பகுதி தீர்ந்து அடுத்த பகுதி வெளியே வரும்போது அது வாலுக்குப் போவதுதான் வழக்கமான விதி. ஆர்டர் பழையதாக இருந்தாலும் முறை புதியதாகிவிடும். உங்கள் சந்தையின் விதிப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு.

ஐஸ்பெர்க் இல்லை என்று உறுதியானால், என்னைக் கேட்டால் நேராகத் திருத்தச் செய்திகளைக் கையாளும் இடத்துக்குப் போவேன். புதிய ஆர்டரை வாலில் சேர்ப்பதில் யாரும் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. இருக்கும் ஆர்டரை மாற்றும்போதுதான் முறை கெடுகிறது. பொதுவான விதி இது: அளவைக் குறைத்தால் இடம் நிலைக்கும்; அளவைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ இடம் போகும். குறைத்தல் என்பது எதோடு ஒப்பிட்டு என்பதில்தான் சிக்கல்.

ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். 10050 என்ற டிக்கில் மூன்று வாங்கும் ஆர்டர்கள் இந்த வரிசையில் நிற்கின்றன: அ 300, ஆ 200, இ 500. 100 பங்குக்கு ஒரு விற்கும் ஆர்டர் வருகிறது. அது அ-வோடு மேட்ச் ஆகி, அ-வில் 200 மீதம். அ இன்னமும் வரிசையின் தலையில்தான். இப்போது அ-வின் உரிமையாளர் ஆர்டர் அளவை 250 என்று திருத்தி அனுப்புகிறார்.

ஆர்டர்களை அனுப்பப் பயன்படும் ஃபிக்ஸ் நெறிமுறையில் திருத்தச் செய்தியில் வரும் `OrderQty`, அதாவது 38-ஆம் டேக், மொத்த அளவைக் குறிக்கிறது. ஏற்கெனவே நிறைவேறியதும் அதில் அடக்கம். அவர் கேட்டது 300 என்பதை 250 ஆக்கு என்று. 100 முடிந்துவிட்டது, ஆகவே மீதம் 150 ஆக வேண்டும். 200 என்பது 150 ஆகிறது, இது குறைப்பு, அ தன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

பிழையுள்ள என்ஜின் என்ன செய்கிறது? செய்தியில் இருக்கும் 250-ஐ மீதமுள்ள 200-உடன் ஒப்பிடுகிறது. 250 பெரியது, எனவே இது கூட்டல் என்று முடிவு செய்து, அ-வை 250 மீதத்தோடு வாலுக்கு அனுப்பிவிடுகிறது. வரிசை இப்போது ஆ 200, இ 500, அ 250.

அடுத்து 400 பங்குக்கு விற்கும் ஆர்டர் வருகிறது. சரியான விடை: அ 150, ஆ 200, இ 50. என்ஜின் தந்த விடை: ஆ 200, இ 200. இரண்டிலும் மொத்தம் 400, விலையும் ஒன்றே. கூட்டுத்தொகைச் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும். ஒப்பீட்டு புக் மட்டும் முதல் வர்த்தகத்திலேயே கத்தும்.

இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. பின்னால் அ-வின் முறை வந்து அந்த 250-ம் நிறைவேறினால், 250 போதும் என்று சொன்னவர் கையில் 350 பங்குகள் இருக்கும். முறை தவறியதைப் பற்றிய புகாரும் அளவுக்கு மேல் நிறைவேறியதைப் பற்றிய புகாரும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு குழுக்களிடம் வந்து சேரும். இரண்டும் ஒரே வரியிலிருந்து கிளம்பியவை என்று யாருக்கும் தோன்றாது. அதனால், முறை பற்றிப் புகார் வந்தால் அதே ஆர்டரின் மொத்த நிறைவேற்றத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சரியான வடிவம் இதுதான். இதில் `cumQty` இதுவரை நிறைவேறியது, `leaves` மீதம்:

```cpp
int64_t newLeaves = msg.orderQty - o->cumQty;
if (newLeaves <= 0)
    removeOrder(o);
else if (msg.price == o->price && newLeaves <= o->leaves)
    reduceInPlace(o, newLeaves);
else
    requeue(o, msg.price, newLeaves);
```

முதல் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். திருத்தம் வந்து சேர்வதற்குள் ஆர்டர் மேலும் நிறைவேறியிருக்கலாம். அப்போது கழித்தால் பூஜ்யமோ எதிர்மறையோ வரும். அந்த ஆர்டரைப் புக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். எதிர்மறை மீதத்தோடு ஒரு ஆர்டர் புக்கில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எந்த விடையையும் நம்ப முடியாது.

திருத்தம் எதுவும் இல்லாத ஆர்டரிலேயே முறை தவறியிருந்தால் நேர முத்திரையைப் பாருங்கள். வரிசையைக் கடிகார நேரத்தை வைத்து அடுக்கினால், ஒரே மைக்ரோ நொடியில் வந்த இரண்டு ஆர்டர்களில் எது முந்தியது என்பது அடுக்கும் நிரலின் விருப்பமாகிவிடும். முன்னுரிமைக்கு அடிப்படை உள்ளீட்டு வரிசை எண்தான். கடிகார நேரம் அறிக்கைக்கு மட்டும்.

அறிகுறி: யாரும் கேன்சல் செய்யாத ஆர்டர் புக்கிலிருந்து காணாமல் போகிறது

இது அரிதாகத்தான் வரும், சுமை அதிகமான நேரத்தில்தான் வரும். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: பூலுக்குத் திரும்பிய ஸ்லாட்டை ஹாஷ் டேபிள் இன்னும் பழைய பெயரில் நினைவு வைத்திருக்கிறது.

நடப்பது இப்படி. 9001 என்ற ஆர்டர் 17-ஆம் ஸ்லாட்டில் இருக்கிறது. அது முழுதாக நிறைவேறுகிறது. பட்டியலிலிருந்து எடுத்து, ஸ்லாட்டைப் பூலுக்குத் திருப்பிவிட்டோம். ஆனால் முழு நிறைவேற்றம் நடக்கும் பாதையில் ஹாஷ் டேபிளிலிருந்து 9001-ஐ நீக்க மறந்துவிட்டது. சற்று நேரத்தில் 9044 என்ற புதிய ஆர்டர் வர, பூல் அதற்கு 17-ஆம் ஸ்லாட்டைக் கொடுக்கிறது. அந்த நேரம் பார்த்து 9001-இன் உரிமையாளர் கேன்சல் அனுப்புகிறார். நிறைவேறிய செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, ஆகவே அவர் செய்தது முற்றிலும் நியாயமானது. என்ஜின் 9001-ஐத் தேடி, 17-ஐக் கண்டுபிடித்து, அங்கே குடியிருக்கும் 9044-ஐக் கேன்சல் செய்துவிடுகிறது.

லாக்கில் இதற்கென்று ஒரு தனி அடையாளம் உண்டு: முழுதாக நிறைவேறிய ஒரு எண்ணுக்குப் பிறகு வந்த கேன்சல் ஏற்கப்பட்டிருக்கும். சரியான என்ஜினில் அது நிராகரிக்கப்பட்டிருக்க வேண்டும். காணாமல் போன ஆர்டரைத் தேடிக்கொண்டிருக்காமல், இப்படி ஏற்கப்பட்ட கேன்சலை லாக்கில் தேடினால் சீக்கிரம் பிடிபடும்.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் `-fsanitize=address` போட்டு ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை என்று சிலர் நிம்மதி அடைவதுண்டு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. பூலின் நினைவகம் இயங்குதளத்துக்குத் திரும்பவே இல்லை. கருவியைப் பொறுத்தவரை அது முறையாக ஒதுக்கிய இடம். ஸ்லாட்டைத் திருப்பும்போது `ASAN_POISON_MEMORY_REGION` என்று நாமே குறித்து வைத்தால், ஸ்லாட் காலியாக இருக்கும்போது தொட்டாலாவது மாட்டும். மறுபடி வேறு ஆர்டருக்குக் கொடுத்த பின் தொட்டால் அதுவும் மௌனம்தான். எனவே காவல் நிரலிலேயே இருக்க வேண்டும்:

```cpp
Order* o = findById(id);
if (!o || o->id != id) return rejectCancel(id);
```

இது காவல்தான், தீர்வு அல்ல. ஆர்டரைப் பட்டியலிலிருந்து எடுப்பது, ஹாஷ் டேபிளிலிருந்து நீக்குவது, விலை நிலையின் மொத்தத்தைக் குறைப்பது, ஸ்லாட்டைத் திருப்புவது ஆகிய நான்கும் ஒரே `removeOrder` செயல்கூறுக்குள் இருக்க வேண்டும். கேன்சல், முழு நிறைவேற்றம், காலாவதி எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். இந்த நான்கில் ஒன்றை எங்காவது தனியாகச் செய்யும் வரி இருந்தால், பிழை இன்னும் தலைகாட்டவில்லை என்றாலும் அதை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: வாங்கும் விலை விற்கும் விலையைத் தொட்டோ தாண்டியோ நிற்கிறது, வர்த்தகம் நடக்கவில்லை

சந்தை திறப்பதற்கு முன் ஆர்டர்களைச் சேர்த்துவைக்கும் ஏல நேரத்தில் புக் இப்படி இருப்பது இயல்பு. தொடர் வர்த்தக நேரத்தில் இருந்தால் பிழை. அதிலும், என்ஜினின் புக்கே இப்படி இருக்கிறதா, வெளியே போகும் சந்தைத் தகவலில் மட்டும் இப்படித் தெரிகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் சேர்ந்தது என்ற செய்தியை மேட்ச் செய்வதற்கு முன்பே வெளியிட்டால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வெளியே ஒரு கணம் தாண்டிய புக் தெரியும்.

என்ஜினுக்குள்ளேயே இருந்தால் முதல் சந்தேகம் மறுபடியும் திருத்தம்தான். விலை மாறிய ஆர்டரை `requeue` நேராகப் புதிய விலை நிலையின் வாலில் செருகிவிடுகிறதா? புதிய விலை எதிர்ப்பக்கத்தைத் தொடலாம். ஆகவே அது புதிய ஆர்டர் போலவே மேட்சிங் வழியாகப் போய், மீதம் இருந்தால்தான் புக்கில் சேர வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் விலையின் வடிவம். விலையைத் தசமமாக வாங்கி டிக்காக மாற்றும் வரியைப் பாருங்கள்:

```cpp
int64_t t = (int64_t)(19.99 * 100);   // 1998
```

19.99 என்பதை இரும எண்ணாகச் சரியாக எழுத முடியாது. பெருக்கினால் 1999-க்கு மயிரிழை குறைவாக வருகிறது, முழு எண்ணாக மாற்றும்போது 1998 ஆகிறது. வாங்கும் ஆர்டர் இந்த வழியாக 1998-இல் போய் உட்காரும். எழுத்துக்களிலிருந்து நேராக முழு எண்ணாக மாற்றும் வேறொரு வாயில் வழியே வந்த விற்கும் ஆர்டர் 1999-இல் இருக்கும். திரையில் காட்டுவதற்கு மூல விலையைத் தனியாக வைத்திருந்தால் இரு பக்கமும் 19.99 என்று தெரியும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். விலை என்ஜினுக்குள் நுழையும் முன்பே டிக் ஆகிவிட வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே எங்கும் மிதவைப் புள்ளி எண் இருக்கக் கூடாது.

மூன்றாவது, சிறந்த விலையைக் கண்டுபிடிக்கும் முறை. எந்த விலை நிலைகளில் ஆர்டர் இருக்கிறது என்பதை 64 பிட் சொற்களில் குறித்துவைப்பது நல்ல வேகம் தரும். விற்கும் பக்கத்துக்கு மிகக் குறைந்த விலை வேண்டும், அதற்கு `__builtin_ctzll`. வாங்கும் பக்கத்துக்கு மிக உயர்ந்த விலை வேண்டும், அதற்கு `63 - __builtin_clzll`. ஒரு பக்கத்தின் நிரலைப் படியெடுத்து மறுபக்கத்துக்கு வைக்கும்போது இது மாறாமல் தங்கிவிடும். அப்போது சிறந்த வாங்கும் விலை என்று என்ஜின் நினைப்பது உண்மையில் அந்தச் சொல்லில் உள்ள மட்டமான விலை. ஒரே விலையில் மட்டும் ஆர்டர் வைத்துச் சோதித்தால் இது தெரியாது. வாங்கும் பக்கத்தில் குறைந்தது இரண்டு விலை நிலைகள் வேண்டும். இரண்டு செயல்கூறுகளுக்கும் பூஜ்யத்தைக் கொடுத்தால் விடை வரையறுக்கப்படவில்லை என்பதால், சொல் காலியா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: அதே லாக்கை மறுபடி ஓட்டினால் வேறு விடை வருகிறது

மேலே சொன்ன தேடல் முறை எல்லாமே ரீப்ளே ஒரே விடை தரும் என்பதை நம்பி இருக்கிறது. அது பொய்த்தால் மற்றதை விட்டுவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள்.

என்ஜின் கடிகாரத்தைத் தானே பார்க்கிறதா என்று தேடுங்கள். நேரம் தேவைப்பட்டால் அது உள்ளீட்டுச் செய்தியில் வர வேண்டும். காலாவதி என்பதும் லாக்கில் ஒரு செய்தியாக இருக்க வேண்டும். அடுத்து, நாள் முடிவில் ஆர்டர்களை நீக்க `std::unordered_map`-ஐச் சுற்றிவரும் வரி, அல்லது பாயிண்டரைச் சாவியாகக் கொண்ட `std::set`. பாயிண்டரின் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். வரிசையும் அதோடு மாறும். முதல் வேறுபாடு எங்கே என்று தெரிய, ஆயிரம் செய்திகளுக்கு ஒருமுறை முழு புக்கின் செக்சம்மை எழுதிவைத்து, இரண்டு ஓட்டங்களின் செக்சம்களை ஒப்பிட்டால் போதும். அதில் ஆர்டர்களின் வரிசையும் சேர வேண்டும். விலை நிலையின் மொத்தத்தை மட்டும் வைத்துச் செக்சம் போட்டால் முறை மாறியது அதில் விழாது.

அறிகுறி: பெரும்பாலும் வேகம், எப்போதாவது ஒரு ஆர்டர் மட்டும் மிகத் தாமதம்

சராசரியைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் எடுத்த நேரத்தை வரிசை எண்ணோடு பதிந்து, மிக மெதுவான நூறை எடுத்துவையுங்கள். பின் அதே லாக்கைச் சில முறை ரீப்ளே செய்து அந்த நூறையும் ஒப்பிடுங்கள். இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் அதே வரிசை எண்கள் மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் உங்கள் தரவு அமைப்பில் இருக்கிறது. அந்தச் செய்தி ஒரு விலை நிலையைக் காலி செய்ததா என்று பாருங்கள். அடுத்த சிறந்த விலையைத் தேட டிக் டிக்காக நகரும் நிரல், நெருக்கமான புக்கில் ஓரிரு படியில் முடியும். ஆர்டர்கள் குறைந்து, அடுத்த விலை வெகுதூரத்தில் இருக்கும் புக்கில் ஆயிரக்கணக்கான காலி நிலைகளைக் கடக்க வேண்டும். மேலே சொன்ன பிட் குறிப்பு 64 நிலைகளை ஒரே படியில் கடக்கும். சொற்கள் காலியா என்று சொல்ல மேலே இன்னொரு அடுக்கு வைத்தால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. காலி நிலை எதுவும் இல்லை, வெறும் புதிய ஆர்டர்தான் மெதுவாக இருந்தது என்றால் பெரும்பாலும் ஹாஷ் டேபிள்தான். `std::unordered_map` நிரம்பும்போது மொத்தத்தையும் பெரிய இடத்துக்கு மறுபடி அடுக்குகிறது. அந்தச் செலவு முழுவதும் அந்த நேரத்தில் வந்த ஒரு ஆர்டரின் தலையில் விழும். நாளின் உச்ச அளவுக்குத் தொடக்கத்திலேயே `reserve` செய்துவிட்டால் அது நின்றுவிடும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரிசை எண்கள் மெதுவாக இருந்தால் காரணம் இயந்திரத்தில். இயந்திரத்திலிருந்து வந்தாலும் ரீப்ளேயில் அதே எண்களிலேயே தோன்றக்கூடிய ஒன்றும் உண்டு. பூலை ஒதுக்கினால் மட்டும் போதாது. பக்கங்களை ஒருமுறை எழுதித் தொட்டிருக்காவிட்டால், முதல் பயன்பாட்டின்போதுதான் இயங்குதளம் நிஜ நினைவகத்தைக் கொடுக்கும். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் மட்டும் தாமதம் குவிந்திருந்தால் இதை நினையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் இதை எண்ணிப் பார்க்கலாம்:

```
perf stat -e page-faults,context-switches -p <pid> sleep 10
```

நிலைபெற்ற என்ஜினில் பக்கப் பிழை எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அது சரியாக இருந்து, `context-switches` கூடுதலாக இருந்தால், மேட்சிங் த்ரெட்டை வேறு ஏதோ தள்ளிவிடுகிறது அல்லது அதுவே எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் லாக் எழுதும் வரிதான் அந்தக் காத்திருப்பு. வட்டில் எழுதுவதை வேறொரு த்ரெட்டுக்கு மாற்றி, மேட்சிங் த்ரெட் செய்தியை நினைவகத்திலுள்ள வளைய பஃபரில் போட்டுவிட்டு நகரும்படி செய்யுங்கள். அந்த வளையம் நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். செய்தியைத் தவறவிடும் லாக்கை ரீப்ளே செய்து ஒரு பயனும் இல்லை. வளையம் நிரம்பினால் என்ஜின் காத்திருப்பதே சரி.